56,000 வந்தது, 80,000 எழுத வேண்டும்

என் அக்கா மகள் திருச்சியில் இருந்துகொண்டு சமையல் ரீல்ஸ் போடுகிறாள். கல்லூரி முடித்தவள், வேறு வேலை கிடையாது. 2025-26 நிதியாண்டில்தான் முதன்முதலாக பிராண்டுகளிடமிருந்து பணம் வந்தது. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். அதனால் நிதியாண்டு முடிந்ததும் வங்கி ஸ்டேட்மென்டை எனக்கு அனுப்பிவிட்டு போன் செய்தாள். "சித்தி, இதுல வந்த காசையெல்லாம் கூட்டிட்டேன். ஒரு லட்சத்து இருபத்தோராயிரம். இதுதானே என் வருமானம்?"

இல்லை. அந்த ஆண்டு அவளுடைய வருமானம் 2,35,000 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவள் எதையும் மறைக்கவில்லை, எதையும் விட்டுவிடவும் இல்லை. பிராண்டு டீல் பணம் வரும் விதம் அப்படி. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு வங்கியில் வருவதற்கும் வருமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிறுவனமே படிவம் 16-இல் எழுதிக் கொடுத்துவிடும். கிரியேட்டருக்கு அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. தானேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் அனுமதியோடு அந்த ஐந்து டீல்களையும் இங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறேன். முதல் வருடம் சம்பாதிக்கிற பலருடைய கணக்கிலும் இதே ஐந்து வகைதான் இருக்கும்.

முதலாவது, பாத்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனம். ஒரு ரீலுக்கு 40,000 ரூபாய் பேசி, 40,000 முழுதாக வந்தது. வரி ஏதும் பிடிக்கவில்லை. தொழில்முறைக் கட்டணத்துக்கு 194J பிரிவில் டிடிஎஸ் பிடிக்க வேண்டுமானால், அந்த ஒரு நிறுவனம் அந்த ஆண்டில் உங்களுக்குக் கொடுப்பது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றால் வரி இல்லாத பணம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கொடுப்பவர் முன்கூட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான். வாங்கியவருக்கு அது முழு வருமானம்.

இரண்டாவது, உள்ளூர் மசாலாக் கடை. கடைக்காரர் ஜிபேயில் 25,000 அனுப்பினார். ஒப்பந்தம் இல்லை, மெயில் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான். அவள் இன்வாய்ஸும் போடவில்லை. வருமான வரித் தளத்தில் இந்தப் பணத்தின் சுவடே இருக்காது. ஆனாலும் இது வருமானம்தான். வாட்ஸ்அப்பில் தொகை பேசிய பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். நாளைக்கு யாராவது "இந்த 25,000 என்ன?" என்று கேட்டால், அம்மா அனுப்பியதா, தோழி திருப்பிக் கொடுத்த கடனா, வேலைக்கு வந்த கூலியா என்று வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கும் ஒரு யுபிஐ ஐடி சொல்லாது.

மூன்றாவதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஏஜென்சி வழியாக வந்த டீல். இரண்டு ரீல், ஒரு ஸ்டோரி, 80,000 ரூபாய். ஏஜென்சிக்கு 20 சதவீதக் கமிஷன், அதாவது 16,000. அவள் 80,000-க்கு இன்வாய்ஸ் போட்டாள். ஏஜென்சி 80,000-க்கு 10 சதவீதம், 8,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்து, தன் கமிஷன் 16,000-ஐயும் கழித்துக்கொண்டு, மீதி 56,000-ஐ அனுப்பியது. வங்கியில் தெரிவது 56,000. அவள் எழுதியதும் 56,000.

எழுத வேண்டியது 80,000. அதுதான் அவள் சம்பாதித்தது. 16,000 அவளுடைய தொழில் செலவு, தனியாகச் செலவுப் பக்கத்தில் வரும். 8,000 அவள் பெயரில் அரசாங்கத்தில் கட்டப்பட்ட வரி, அவள் பணம்தான். ஏஜென்சி தாக்கல் செய்யும் டிடிஎஸ் விவரத்தில் "இவருக்கு 80,000 கொடுத்தோம், 8,000 பிடித்தோம்" என்றுதான் இருக்கும். நீங்கள் ரிட்டர்னில் 56,000 காட்டிவிட்டு, 8,000 டிடிஎஸ்ஸை மட்டும் திருப்பிக் கேட்டால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கணினியே பிடித்து நோட்டீஸ் அனுப்பும்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. சில ஏஜென்சிகள் பிராண்டிடம் 80,000 வாங்கிக்கொண்டு, கிரியேட்டரிடம் 64,000-க்கு மட்டும் இன்வாய்ஸ் போடச் சொல்லும். அப்படியானால் அவளுடைய வருமானம் 64,000, டிடிஎஸ் 6,400, கையில் 57,600. கமிஷன் என்று தனியாக எழுத எதுவும் இல்லை. இரண்டில் எது என்று டீல் பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது. கமிஷனைக் கழித்துக்கொள்ளும் ஏஜென்சி அதற்குத் தனி பில் தர வேண்டும். அந்த பில் இல்லாமல் 16,000-ஐச் செலவாகக் காட்டினால், கேள்வி வரும்போது கையில் ஆதாரம் இருக்காது. பிடிக்கும் விகிதமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விளம்பர ஒப்பந்த வேலை என்று கருதி 194C-இல் 1 சதவீதம் பிடிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அதற்காக அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. எவ்வளவு பிடித்தார்களோ அதை எழுதிக்கொண்டால் போதும். பிடித்தது குறைவென்றால் மீதியை ரிட்டர்னில் நாம் கட்டப்போகிறோம்.

நான்காவது ஒரு செல்போன். பணம் இல்லை, பார்ட்டர். போனை வைத்துக்கொண்டு அதில் எடுத்த ரீலைப் போட வேண்டும் என்பது பேச்சு. கடையில் அதன் விலை ஜிஎஸ்டியோடு 35,400. போனை அனுப்புவதற்கு முன் நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது, 3,000 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று. "இலவசமா போன் தர்றேன், முதல்ல மூவாயிரம் அனுப்புன்னு சொல்றாங்க சித்தி. இது ஏமாத்து வேலை மாதிரியே இருக்கே" என்றாள். அவள் சந்தேகப்பட்டது சரியான பழக்கம். அப்படி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இது சட்டத்தில் உள்ளதுதான். 2022 ஜூலை 1 முதல் அமலில் உள்ள 194R பிரிவின்படி, தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால், அதன் மதிப்பில் 10 சதவீதம் வரி கட்டப்பட்டிருப்பதைக் கொடுப்பவர் உறுதிசெய்ய வேண்டும். மதிப்பில் ஜிஎஸ்டியைச் சேர்க்கக் கூடாது. 35,400-இல் 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 30,000. அதில் 10 சதவீதம் 3,000.

பொருளில் இருந்து வரியைப் பிய்த்து எடுக்க முடியாது என்பதால்தான் இந்தச் சுற்று. கட்டுவதற்கு வழிகள் உண்டு. நிறுவனமே தன் கையிலிருந்து கட்டலாம். இல்லாவிட்டால் வாங்குபவர் தன் பான் எண்ணிலேயே முன்வரியாகக் கட்டி, சலான் நகலையும் ஓர் உறுதிமொழியையும் நிறுவனத்துக்கு அனுப்பலாம். நான் அவளுக்கு இரண்டாவதைத்தான் சொன்னேன். வருமான வரித் தளத்தில் e-Pay Tax என்ற இடத்தில் அவள் பான் எண்ணில் 3,000 கட்டினாள், சலானை அனுப்பினாள், போன் வந்தது. யாரோ ஒருவருடைய யுபிஐக்கு அனுப்பவில்லை. பணம் நேராக அரசாங்கத்துக்கு, அவள் பெயரிலேயே போனது. எதிர்ப்பக்கம் இருப்பவர் உண்மையானவரா போலியா என்ற கவலையே இதில் இல்லை. போலியாக இருந்தாலும் அந்த 3,000 அவள் கணக்கிலேயே இருக்கும்.

அந்தப் போனின் மதிப்பு 30,000, அவளுடைய வருமானம். பணமாக வரவில்லை என்பதற்காக விட்டுவிட முடியாது. 20,000-க்குக் கீழே வரும் பொருள்களுக்கும் இதேதான், டிடிஎஸ் மட்டும்தான் இருக்காது. பல மாதம் பல பெட்டிகள் வீட்டுக்கு வரும் அழகுப்பொருள் கிரியேட்டர்களுக்கு இது சிறிய தொகை அல்ல. அதே சமயம், வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பும் பொருள் வருமானம் இல்லை. சமூக ஊடகத்தில் இயங்குபவர்களையே உதாரணமாக வைத்து மத்திய நேரடி வரிகள் வாரியம் 2022-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வைத்துக்கொண்டால் பலன், திருப்பிக் கொடுத்தால் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஓர் ஓவன் வந்தது, பத்து நாளில் திரும்பிப் போனது. அந்தக் கூரியர் ரசீதைத் தூக்கி எறிந்திருந்தாள். கூரியர் தளத்தில் எண்ணைத் தேடி மறுபடி எடுத்தோம். திரும்பிப் போனதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.

ஐந்தாவது மார்ச் மாத டீல். மார்ச் மூன்றாம் வாரம் ரீல் போட்டாள், 60,000-க்கு இன்வாய்ஸ் அனுப்பினாள். பணம் மே மாதம் வந்தது, 54,000. இது எந்த ஆண்டு வருமானம்?

கணக்கு வைக்க இரண்டு முறை உண்டு. பணம் கைக்கு வந்த தேதியில் எழுதுவது ஒன்று, இன்வாய்ஸ் போட்ட தேதியில் எழுதுவது மற்றொன்று. சட்டம் இரண்டையும் ஏற்கிறது, ஆனால் ஒன்றைப் பிடித்தால் அதையே தொடர வேண்டும். டீலுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ள முடியாது. நிறுவனங்கள் பெரும்பாலும் இன்வாய்ஸைத் தங்கள் கணக்கில் ஏற்றும் நாளிலேயே டிடிஎஸ்ஸைப் பிடித்துவிடும். ஆகவே இந்த 60,000-உம் அதற்கான 6,000 டிடிஎஸ்ஸும் மார்ச் மாதத்தோடு, 2025-26 ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. பணம் வரும் தேதி முறையைப் பிடித்திருந்தால் வருமானம் அடுத்த ஆண்டில் வரும், அந்த 6,000-ஐயும் ரிட்டர்னில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ரிட்டர்ன் படிவத்தில் இடம் இருக்கிறது. பலர் வருமானத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு டிடிஎஸ்ஸை மட்டும் இந்த ஆண்டே கேட்டுவிடுவார்கள். அங்கேதான் சிக்கல்.

நிறுவனங்களோடு வேலை செய்பவர்களுக்கு இன்வாய்ஸ் தேதி முறைதான் நல்லது என்பது என் கருத்து. தளத்தில் தெரிவதும் நம் கணக்கும் ஒரே ஆண்டில் உட்கார்ந்துவிடும். வராத பணத்துக்கு முன்கூட்டி வரி கட்ட நேரலாம் என்பது அதன் குறை. அவளுக்கு அந்தக் கவலை இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதையே பிடித்துக்கொண்டோம்.

சரி, இதையெல்லாம் எங்கே எழுதுவது? ஆப் எதுவும் வேண்டாம், ஒரு ஷீட் போதும். ஒரு டீலுக்கு ஒரு வரி. A-இல் இன்வாய்ஸ் எண், B-இல் தேதி, C-இல் பெயர், D-இல் மொத்தத் தொகை, E-இல் கமிஷன், F-இல் பிடித்த டிடிஎஸ், G-இல் கைக்கு வந்தது, பணமோ பொருளோ. H-இல் ஒரே ஒரு சூத்திரம்:

```
=D2-E2-F2-G2
```

இது பூஜ்யம் காட்டினால் அந்த டீல் முடிந்தது. ஏஜென்சி டீலில் 80,000, 16,000, 8,000, 56,000. பூஜ்யம். மார்ச் டீலில் மே மாதம் வரை 54,000 என்று நின்றுகொண்டிருந்தது, அதாவது அந்தப் பணம் இன்னும் வரவேண்டும். போனுக்கு D-இலும் G-இலும் 30,000. ஒரு டீலில் 1,500 ரூபாய் மீதி நின்றால், யாரோ சொல்லாமல் எதையோ கழித்திருக்கிறார்கள், அன்றைக்கே கேட்க வேண்டும் என்று அர்த்தம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த நிறுவனத்தில் உங்களோடு பேசிய ஆளே இருக்க மாட்டார்.

C-இல் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் தெரியும் பிராண்டின் பெயரும் அதை நடத்தும் கம்பெனியின் பெயரும் வேறு வேறாக இருக்கும். தளத்தில் வருவது கம்பெனியின் பதிவுப் பெயர். ஏஜென்சி நடுவில் இருந்தால் பிராண்டின் பெயரே அங்கே வராது. அவள் தளத்தைப் பார்த்துவிட்டு, "நான் வேலையே செய்யாத ஒரு கம்பெனி எனக்கு அறுபதாயிரம் கொடுத்ததா இருக்கு" என்று பதறியது இதனால்தான். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இன்வாய்ஸ் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வரிசை எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, பான், அவர்களுடைய கம்பெனியின் பதிவுப் பெயர், என்ன வேலை, எத்தனை ரீல், எந்தத் தேதியில் போட்டது, தொகை, வங்கி விவரம். இவ்வளவுதான். எண் மட்டும் இடைவெளி விடாமல் ஓட வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் டிடிஎஸ் வேறு யாருக்கோ போய்ச் சேரும் அல்லது எங்கும் சேராது. பானே கொடுக்காவிட்டாலும், ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்து கிடந்தாலும், 10-க்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள். மசாலாக் கடைக்காரர் கேட்காவிட்டாலும் அவருக்கும் ஓர் இன்வாய்ஸ் போட்டுவிடு என்று சொன்னேன்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக. சேவை தருபவருக்கு, தமிழ்நாட்டில், ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பெங்களூருவிலோ மும்பையிலோ உள்ள கம்பெனிக்கு பில் போட்டாலும் இந்த வரம்புதான். வெளிமாநிலம் என்பதற்காகப் பதிவு செய்யத் தேவையில்லை. அந்த 20 லட்சத்தில் பார்ட்டர் பொருள்களின் மதிப்பும் யூடியூப் விளம்பர வருமானமும் சேரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு இல்லாதவர் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சில கம்பெனிகளின் ஃபைனான்ஸ் பிரிவு ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் வெண்டராகவே சேர்க்க முடியாது என்பார்கள். வரம்புக்குள் இருக்கிறேன், பதிவு இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்து, எழுதி வைத்ததை அரசாங்கத்திடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வருமான வரித் தளத்தில் Form 26AS என்றும் AIS என்றும் இரண்டு இருக்கின்றன. யார் உங்களுக்கு எவ்வளவு கொடுத்ததாகச் சொன்னார்கள், எவ்வளவு வரி கட்டினார்கள் என்பது 26AS-இல் கிடைக்கும். அதோடு வங்கி வட்டி போன்றவையும் AIS-இல் சேர்ந்து வரும். இதை ஏப்ரலில் திறந்து பார்த்துவிட்டு "என் டிடிஎஸ் வரவே இல்லை" என்று பதறக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான டிடிஎஸ் விவரத்தைத் தாக்கல் செய்ய நிறுவனங்களுக்கு மே 31 வரை நேரம் இருக்கிறது. ஜூன் பாதியில் பார்த்தால்தான் படம் முழுமையாக இருக்கும். அதற்கு முன்னால் ரிட்டர்ன் போடுவதில் அர்த்தம் இல்லை.

ஜூனில் நாங்கள் பார்த்தபோது மார்ச் டீலின் 60,000-உம் 6,000-உம் இருந்தன. போன் இருந்தது. அவள் கட்டிய 3,000 தனியாக வரி செலுத்திய பகுதியில் இருந்தது. ஏஜென்சியின் 80,000 இல்லை. வேலை நடந்தது ஆகஸ்டில், இத்தனை நாள் கழித்தும் இல்லை. பணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் இருக்கலாம், கட்டிவிட்டு விவரம் தாக்கல் செய்யாமல் இருக்கலாம், பான் எண்ணைத் தவறாக அடித்திருக்கலாம். எதுவென்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, பிடித்த டிடிஎஸ், பணம் வந்த தேதி, தன் பான் ஆகியவற்றை எழுதி, "இந்த டிடிஎஸ் என் 26AS-இல் வரவில்லை, படிவம் 16A-வை அனுப்புங்கள்" என்று ஏஜென்சியின் கணக்குப் பிரிவுக்கு அவள் மெயில் போட்டாள். 16A என்பது பிடித்த டிடிஎஸ்ஸுக்கு அவர்கள் தரும் சான்றிதழ். போனில் பேசுவதைவிட மெயில் நல்லது, எழுத்தில் இருக்கும். பான் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டிருந்தார்கள். திருத்தி மறுபடி தாக்கல் செய்த பிறகு தளத்தில் வந்தது.

வராமலே போயிருந்தால்? பிடித்த வரியை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கணினி 26AS-ஐப் பார்த்துத்தான் கழிக்கும், அதனால் நடைமுறையில் அலைச்சல் உண்டு. அந்த அலைச்சலில் கைகொடுப்பவை இன்வாய்ஸ், எவ்வளவு கழித்தோம் என்று அவர்கள் அனுப்பிய பேமென்ட் மெயில், வங்கி ஸ்டேட்மென்ட் ஆகிய மூன்றும்தான். ஒவ்வொரு டீலுக்கும் இன்வாய்ஸ் எண்ணின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, இந்த மூன்றோடு ஒப்பந்தத்தையோ சாட் ஸ்கிரீன்ஷாட்டையோ போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26AS-ஐத் திறந்து ஷீட்டின் F கட்டத்தோடு ஒப்பிட்டால், இந்தப் பான் தவறு நவம்பரிலேயே தெரிந்திருக்கும்.

செலவுப் பக்கம் எளிது என்று நினைத்துப் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். ரீலுக்காக வாங்கிய மளிகை செலவுதான். ஆனால் வீட்டு மளிகையோடு ஒரே பில்லில் வந்தால் எது எதற்கு என்று பிரிக்க முடியாது. படப்பிடிப்புக்கு வாங்குவதைத் தனி பில்லாகப் போடச் சொன்னேன், பின்னால் ரீலின் பெயரை எழுதிவைக்கச் சொன்னேன். இன்டர்நெட் கட்டணம் வீட்டுக்கும் சேர்த்துத்தான், நியாயமான ஒரு பங்கை எடுத்து ஆண்டு முழுவதும் அதே பங்கை வைத்துக்கொள்ளலாம். கேமரா, லேப்டாப் போன்றவற்றின் முழு விலையையும் ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. தேய்மானமாகத்தான் கழிக்க வேண்டும், கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம், கேமராவுக்கு 15. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு செலவாகவே ஏற்கப்படாது. எடிட்டருக்கும் ஸ்டூடியோவுக்கும் யுபிஐயிலேயே கொடுத்துவிடுவது நல்லது. முடிந்தால் தொழிலுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் குறையும்.

இப்போது அவளுடைய வரி. 40,000, 25,000, 80,000, 30,000, 60,000. மொத்தம் 2,35,000. இதில் கமிஷனும் மற்ற செலவுகளும் போகும். ஆனால் செலவைக் கழிக்காவிட்டாலும், புதிய வரி முறையில் 2025-26-க்கு முதல் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அவளுக்கு வேறு வருமானமும் இல்லை. ஆக வரி பூஜ்யம். ஏற்கெனவே அவள் பெயரில் போய்ச் சேர்ந்தது 8,000, 6,000, 3,000, மொத்தம் 17,000. அத்தனையும் திரும்பி வர வேண்டிய பணம். "வரி வரம்புக்குள்ளதானே இருக்கேன், ரிட்டர்ன் எதுக்கு?" என்று முதலில் கேட்டவள் அவள். இதற்குத்தான். ரிட்டர்ன் போடாவிட்டால் அந்த 17,000 தானாக வராது.

எந்தப் படிவம் என்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சம்பளக்காரர்கள் போடும் ITR-1-இலேயே "இதர வருமானம்" என்று காட்டிவிடுகிறார்கள். பிராண்டு டீல் தொழில் வருமானம். அதற்கு ITR-3, அல்லது உத்தேச வருமான முறையில் போனால் ITR-4. 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்துக்குப் போடும் ரிட்டர்னிலிருந்து, சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்றே 16021 என்ற குறியீடு இந்தப் படிவங்களில் வந்திருக்கிறது. வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டு விவரமான கணக்கு இல்லாமல் முடிக்கும் 44ADA முறை கிரியேட்டர்களுக்குப் பொருந்துமா என்பதில் ஆடிட்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பிரிவு பெயர் சொல்லிப் பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டுமானது என்பதுதான் காரணம். தொகை பெரிதானால் ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நாங்கள் ITR-3 போட்டோம், செலவுகள் கையில் இருந்ததால்.

வேலைக்குப் போய்க்கொண்டே ரீல்ஸ் போடுபவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. சம்பளமே 11 லட்சம் என்றால், புதிய முறையில் 12 லட்சம் வரை கிடைக்கும் தள்ளுபடியால் வரி இல்லாமல் இருக்கும். அதன் மேல் 3 லட்சம் பிராண்டு வருமானம் சேர்ந்தால் அந்தத் தள்ளுபடி போய்விடும், பிடித்த 10 சதவீத டிடிஎஸ் போதாது. டிடிஎஸ் போக 10,000 ரூபாய்க்கு மேல் வரி நிற்கும் என்று தெரிந்தால் முன்வரி கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. விட்டால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. 194J, 194R என்று நான் மேலே சொன்ன எண்கள் 2025-26-க்கானவை, இனி வரும் தாள்களில் வேறு எண்கள் இருக்கும். ஷீட் மாறாது. இந்தத் தாள்களையெல்லாம் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வரை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சாட் ஸ்கிரீன்ஷாட்டை போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம், போன் மாறும்போது போய்விடும், டிரைவிலும் ஒரு பிரதி போட்டுவை என்றேன்.

ரிட்டர்ன் போட்டதோடு வேலை முடிவதில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்ய வேண்டும், செய்யாவிட்டால் ரிட்டர்ன் போடாததற்குச் சமம். ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். அவளுடைய கணக்கில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுதாக. அந்தப் பொருத்தம் முதலில் விழவில்லை. வங்கிக்குப் போய் பெயரை பானில் உள்ளதுபோல மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் Validated என்று காட்டியது.

புதிய ஆண்டுக்கு ஷீட்டில் ஏற்கெனவே நான்கு வரிகள் ஏறிவிட்டன. நான்காவது வரியில் H கட்டத்தில் 2,000 நிற்கிறது. ஏஜென்சிக்கு மெயில் போட்டிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.